ரோமானியத் துறைமுகக் கான்கிரீட்டும் எரிமலைச் சாம்பலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமானியர்கள் கடலுக்குள் போட்ட கான்கிரீட் இரண்டாயிரம் வருடமாக அப்படியே கிடக்கிறதாமே, நாம் கட்டுவது ஐம்பது வருடத்தில் உதிர்கிறதே, சுருக்கமாகக் காரணம் என்ன?

இரண்டு காரணங்கள் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். முதலாவது, ரோமானியக் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி கிடையாது. நம்முடைய கடற்கரைக் கட்டுமானங்களைப் பெரும்பாலும் கெடுப்பது துருப்பிடிக்கும் அந்தக் கம்பிதான். இரண்டாவது, அவர்கள் சுண்ணாம்போடு சேர்த்த எரிமலைச் சாம்பல், கான்கிரீட் இறுகிய பிறகும் கடல் நீரோடு மெல்ல வினைபுரிந்து, துளைகளுக்குள் புதிய தாதுக்களை வளர்த்துக்கொண்டே போகிறது. நாம் கடல் நீரை வெளியே நிறுத்தப் பார்க்கிறோம். அவர்களுடைய கான்கிரீட்டோ உள்ளே வந்த நீரைக்கொண்டே இறுகிக்கொண்டது.

எந்தக் கட்டுமானத்தைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள்?

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே பொட்சுவோலி விரிகுடா இருக்கிறது. அதன் கரையிலுள்ள பாயா என்ற ஊர் ரோமானியச் செல்வந்தர்களின் ஓய்வுத்தலமாக இருந்தது. அந்தப் பகுதியே ஒரு பெரிய எரிமலைவாய் என்பதால் நிலம் நூற்றாண்டுக்கணக்கில் மேலேறுவதும் கீழிறங்குவதுமாக இருக்கிறது. பழைய கரையோரக் கட்டடங்களில் பல இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் அங்கே அலைத்தடுப்புக்காகக் கடலுக்குள் வார்த்த பெரிய கான்கிரீட் பாளங்களும் அவற்றில் அடங்கும்.

2002 முதல் 2009 வரை ஜான் ஒலீசன், கிறிஸ்டோபர் பிராண்டன், ராபர்ட் ஹோல்ஃபெல்டர் ஆகியோர் ரோமாகான்ஸ் என்ற திட்டத்தின் கீழ் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள பழைய துறைமுகங்களில் நீருக்கடியில் துளையிட்டு, நீண்ட உருளை வடிவ மாதிரிகளை வெளியே எடுத்தார்கள். பாயா விரிகுடாவில் எடுத்த மாதிரி அவற்றுள் முக்கியமானது. அதை எடுத்த பாளம் 5.7 மீட்டர் தடிமனுள்ளது. புவியியலாளர் மேரி ஜாக்சனும் அவருடைய குழுவினரும் இந்த மாதிரிகளை பெர்க்லியிலுள்ள எக்ஸ்கதிர் ஆய்வுக்கூடத்தில் நுணுக்கமாக ஆராய்ந்து, 2013லும் 2017லும் முடிவுகளை வெளியிட்டார்கள். இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி அந்த ஆய்வுகளிலிருந்து தெரியவந்ததுதான்.

அப்படிப்பட்ட மாதிரி ஒன்றின் வெட்டுமுகத்தைப் பார்த்தால், நம் ஊர்க் கான்கிரீட்டில் தெரிவதுபோல் கருங்கல் ஜல்லியும் சாம்பல் நிறப் பசையும் தெரியாது. கையளவு டஃப் கற்கள் கிடக்கும். டஃப் என்பது எரிமலைச் சாம்பலே காலப்போக்கில் இறுகி உண்டான மென்மையான பாறை. அவற்றுக்கிடையே வெளிறிய சாந்தும், சாந்துக்குள் நுரைக்கல் துணுக்குகளும், தயிர்க்கட்டிபோல் சிறுசிறு வெள்ளைக் கட்டிகளும் இருக்கும். அந்த வெள்ளைக் கட்டிகள், கலவையில் முழுதாகக் கரையாமல் நின்றுபோன சுண்ணாம்பு. பார்ப்பவருக்கு ‘சரியாகக் கலக்காமல் போட்டுவிட்டார்களே’ என்றுதான் முதலில் தோன்றும்.

அது என்ன சாம்பல்? அடுப்புச் சாம்பலைக் கலந்தால் ஆகாதா?

ஆகாது. விறகு எரிந்து மிஞ்சும் சாம்பலும் எரிமலை கக்கும் சாம்பலும் பெயரில் மட்டுமே ஒன்று. எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து வந்ததன்று. உருகிய பாறைக்குழம்பு வெடித்துச் சிதறி, காற்றில் சட்டென்று குளிர்ந்த தூள். மெல்ல ஆறியிருந்தால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகியிருக்கும். அதற்கு நேரம் கிடைக்காததால் அவை கண்ணாடியாக உறைந்துபோகின்றன. ஒழுங்கில்லாத இந்தக் கண்ணாடியைச் சுண்ணாம்பின் காரம் எளிதில் கரைத்துவிடும். ஆற்று மணலும் சிலிக்காதான். ஆனால் அது படிகமாக இருப்பதால் சுண்ணாம்பு அதைத் தொடாது.

வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். ஆகவே நீருக்குள் அது இறுகவே இறுகாது. எரிமலைச் சாம்பலைச் சேர்த்தால் காற்று தேவையில்லை. கண்ணாடியிலிருந்து கரைந்து வரும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்பிலுள்ள கால்சியத்தோடு நீரில் கூடி, கற்களை ஒட்டவைக்கும் பசையாக மாறுகின்றன. பொட்சுவோலிப் பகுதிச் சாம்பலில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய உண்டு. பின்னால் வரும் கதையில் இவற்றுக்குப் பங்கிருக்கிறது. எல்லா எரிமலைச் சாம்பலும் ஒன்றுபோல் வேலை செய்துவிடாது என்பதற்கும் இத்தகைய வேறுபாடுகளே காரணம்.

தண்ணீருக்குள் கலவை போட்டால் கரைந்து போகாதா, எப்படிப் போட்டார்கள்?

விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் கி.மு. 1ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். கடலுக்குள் மரக்கால்களை அடித்து, பலகைகளைச் சேர்த்துக் கட்டி, நாம் சென்ட்ரிங் என்று சொல்லும் அடைப்பைப் பெரிய அளவில் செய்ய வேண்டும். உள்ளே தரையைச் சமன்படுத்திவிட்டு, இரண்டு பங்கு சாம்பலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்ற கணக்கில் கலந்த சாந்தையும் உடைகற்களையும் இட்டு நிரப்ப வேண்டும். அடைப்பிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றச் சொல்லவில்லை; நீர் நிற்கும்போதே போடும் முறை இது.

படித்தால் எளிதாகத்தான் தோன்றுகிறது. 2004இல் ரோமாகான்ஸ் குழுவினர் இத்தாலியின் பிரிந்திசித் துறைமுகத்தில் அதைச் செய்தே பார்த்தார்கள். மரத்தாலான அடைப்பை நீருக்குள் கட்டி, சுமார் எட்டுக் கன மீட்டர் அளவுள்ள பாளம் ஒன்றை ரோமானிய முறையில் வார்த்தார்கள். சாந்து கெட்டியாக இருந்து, அதை மேலிருந்து கொட்டாமல் அடிவரை இறக்கிச் சேர்த்தால் கரையாமல் நிற்கிறது. இடையில் கற்களை இட்டு அமுக்கிக்கொண்டே வரலாம். தண்ணீராகக் கலந்த சாந்தை மேலிருந்து ஊற்றினால் சுண்ணாம்பு பால்போல் நீரில் கலந்து போய்விடும் என்பதைக் கொத்தனார் எவரும் சொல்லிவிடுவார்.

கடல் நீர் உள்ளே போய் என்னதான் செய்கிறது?

இதை இரண்டு காலகட்டங்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் நடப்பவை வேறு.

முதல் காலம் சூட்டின் காலம். சுண்ணாம்பு நீறும்போது வெப்பம் வெளிவரும் என்பது சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்களுக்குத் தெரியும். பசை உருவாகும்போதும் வெப்பம் வெளிவருகிறது. பாயாவின் பாளம் 5.7 மீட்டர் தடிமன் என்பதால் அந்தச் சூடு எளிதில் வெளியேற முடியவில்லை. ஜாக்சன் குழுவினரின் கணக்குப்படி பாளத்தின் உட்பகுதி 85 முதல் 97 பாகை செல்சியஸ் வரை சூடேறியிருக்கிறது. மறுபடி கடல் நீரின் வெப்பநிலைக்கு ஆறுவதற்கு இரண்டு ஆண்டு பிடித்திருக்கிறது. அந்தச் சூட்டில்தான் முன்பு சொன்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளுக்குள் அலுமினிய டோபர்மோரைட் என்ற அரிய தாது படிகமாகியது. இயற்கையில் மிக அரிதாகக் கிடைப்பது அது. தொழிற்கூடத்தில் செய்வதற்கும் உயர்ந்த வெப்பநிலை தேவைப்படுகிறது. ‘சரியாகக் கலக்காமல் விட்ட’ கட்டிகள் என்று நாம் முகம் சுளித்த இடத்தில்தான் அது வளர்ந்திருக்கிறது.

இரண்டாம் காலம் மிக நீண்டது, ஓசையில்லாதது. முதல் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான சுண்ணாம்பு வினைக்குச் செலவாகிவிடுகிறது. ஆனால் கண்ணாடி மிச்சமிருக்கிறது. நுரைக்கல்லிலும் டஃப் கல்லிலும் நிறையவே இருக்கிறது. அலைகள் மோதும் பாளத்தில் கடல் நீர் நுண்துளைகள் வழியாக ஊறி உள்ளே செல்கிறது. அது கண்ணாடியை மெல்லக் கரைக்கும்போது பொட்டாசியமும் சோடியமும் வெளிவந்து, துளைக்குள் நிற்கும் நீர் மறுபடி காரமாகிறது. அந்தக் காரநீரில் ஃபிலிப்சைட் என்ற சியோலைட் தாது நுரைக்கல்லின் குழிகளுக்குள் படிகமாகிறது. பிறகு அந்த ஃபிலிப்சைட்டைச் சார்ந்தே, வெறும் கடல் நீரின் வெப்பநிலையில், மீண்டும் அலுமினிய டோபர்மோரைட் வளர்கிறது. சூடு இல்லாமலே அது வளர்ந்திருப்பதுதான் 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டிய புதிய செய்தி. ஐஸ்லாந்துக்கு அருகே 1963இல் கடலிலிருந்து எழுந்த சுர்ட்சே என்ற எரிமலைத் தீவின் பாறைகளிலும் இதே தாதுக்கள் உருவாகியிருப்பதைப் பார்க்கும்போது, ரோமானியர்கள் போட்டது ஒருவகையில் எரிமலைப் பாறையின் இயற்கையான இறுகலைத்தான் தொடங்கிவைத்தது என்று சொல்லலாம்.

இந்தப் படிகங்கள் மெல்லிய தகடுகளாகவும் ஊசிகளாகவும் துளைகளுக்குள் குறுக்கும் நெடுக்குமாக வளர்கின்றன. விரிசல் ஒன்று ஓடிவரும்போது அதற்கு நேர்வழி கிடைப்பதில்லை. ‘நாளுக்கு நாள் வலுவடையும் ஒரே கல்லாக மாறிவிடுகிறது’ என்ற பொருளில் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியதை வெறும் புகழ்ச்சி என்று பலர் எண்ணியிருந்தனர். அவர் கவனித்தது உண்மைதான் என்று இப்போது தெரிகிறது. பொட்சுவோலிச் சாம்பலை இப்படிப் பாராட்டிய அதே பிளினிதான் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர்.

உப்பு நீர் புகுந்தால் நம் கான்கிரீட்டுக்கு மட்டும் ஏன் கேடு வருகிறது?

பெரும்பாலும் கம்பியால்தான். போர்ட்லண்ட் சிமென்ட் கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி, துருவேறாமல் காக்கிறது. கடல் நீரிலுள்ள குளோரைடு துளைகள் வழியாக ஊர்ந்து கம்பியை அடைந்து, போதிய அளவு சேர்ந்ததும் அந்தப் படலத்தைக் குலைத்துவிடுகிறது. துரு, தான் உண்டான இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்தைக் கான்கிரீட் தாங்காது.

எங்கே பார்த்தால் தெரியும்? பாலத்தூணோ படகுத்துறைத் தூணோ, அலை ஏறி இறங்கும் பகுதியைப் பாருங்கள். கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடாக விரிசல், அதிலிருந்து வழியும் பழுப்புக் கறை, சுத்தியலால் தட்டினால் பொள்ளென்ற ஓசை, பிறகு கவரிங், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட், பட்டையாகக் கழன்று விழுதல் என்ற வரிசையில் கேடு முன்னேறும். எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் பகுதி இவ்வளவு விரைவாகக் கெடுவதில்லை; துருப்பிடிக்க ஆக்சிஜனும் வேண்டும், அது அங்கே குறைவு. இதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456, ஓதம் ஏறி இறங்கும் பகுதிக்கு 75 மில்லிமீட்டர் கவரிங் கேட்கிறது. அது குளோரைடு கம்பியைச் சேரும் நாளைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது.

கம்பியைத் தவிர இன்னொன்றும் உண்டு. நம் கான்கிரீட்டில் ஜல்லி வினைபுரியாமல் சும்மா இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. கண்ணாடித் தன்மையுள்ள கல் ஜல்லியாக வந்துவிட்டால், சிமென்டின் காரத்தோடு சேர்ந்து ஊதிப்பெருகும் கூழாக மாறிக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். ரோமானியப் பாளத்திலோ கல் முழுக்க அத்தகைய கண்ணாடிதான், ஆனாலும் அது பிளக்கவில்லை. சுண்ணாம்பு முன்பே தீர்ந்துபோனதாலும், வெளிவரும் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் ஃபிலிப்சைட் போன்ற தாதுக்கள் தமக்குள் பிடித்துக்கொள்வதாலும், ஊதும் கூழ் உருவாவதற்கு இடமில்லாமல் போகிறது.

அப்படியானால் கம்பி இல்லாமல் போட்டால் நம் கான்கிரீட்டும் நிற்குமா?

கணிசமான காலம் நிற்கும். துறைமுகங்களில் அலைத்தடுப்பாகக் குவித்துவைக்கும் நான்கு கால் டெட்ராபாடுகள் பொதுவாகக் கம்பி இல்லாமலே வார்க்கப்படுகின்றன. அவை உடைவது பெரும்பாலும் அலையில் புரண்டு ஒன்றோடொன்று மோதுவதால்தான். ஆகவே ரோமானியப் பாளத்தைக் கம்பி போட்ட பாலத்தூணோடு ஒப்பிட்டு ‘முன்னோர் அறிவு’ என்று வியப்பது நியாயமான ஒப்பீடு அன்று என்பது என் கருத்து. பாளத்தை டெட்ராபாடோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டாலும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. போர்ட்லண்ட் பசையிலுள்ள கால்சியத்தைக் கடல் நீரின் மக்னீசியம் மெல்ல இடம்பெயர்த்து மேற்பரப்பை மென்மையாக்கும், சல்பேட்டும் அதன் பங்குக்கு வினைபுரியும். ரோமானியச் சாந்தில் அந்தச் சல்பேட்டும் குளோரைடும் ஆங்காங்கே தனித்தனித் தாதுக்களாகப் படிந்து, தீங்கின்றிக் கிடக்கின்றன.

அவ்வளவு நல்லது என்றால் இன்று ஏன் அதையே போடுவதில்லை?

பலம் போதாது, நேரமும் போதாது. ரோமானியக் கடற்கான்கிரீட்டின் அமுக்கு வலிமை பெரும்பாலும் 5 முதல் 10 மெகாபாஸ்கல் அளவுதான். இன்று கடலோரக் கம்பிக் கான்கிரீட்டுக்கு நாம் எம்30, எம்35 என்று, அதாவது 30, 35 மெகாபாஸ்கல் வலிமை கேட்கிறோம். தடித்துப் பரந்து, தன் எடையாலேயே நிற்கும் பாளத்துக்குப் பத்து மெகாபாஸ்கல் தாராளம். மெலிந்த தூணுக்கும் உத்தரத்துக்கும் உதவாது. அதில் கம்பியைப் புதைத்தாலும் பயனில்லை, நீரை உள்ளே விடும் இயல்பே கம்பிக்கு எமனாகிவிடும். வலிமை ஏறும் வேகமும் மிகக் குறைவு. ஏழு நாளிலும் 28 நாளிலும் கான்கிரீட் சோதனைக் கட்டையை உடைத்துப் பார்த்து பில் போடும் ஒப்பந்த முறைக்குள் அது அடங்காது.

ரோமானியர்கள் கடலில் கட்டியது எல்லாமே நின்றுவிட்டதா?

இல்லை. கான்கிரீட் நிற்பதும் துறைமுகம் நிற்பதும் ஒன்றல்ல. யூதேயாவை ஆண்ட ஏரோது மன்னன் கி.மு. 22க்கும் 10க்கும் இடையில் சிசேரியாவில் செபாஸ்தோஸ் என்ற பெரிய துறைமுகத்தைக் கட்டினான். அந்தக் கடற்கரையில் எரிமலைச் சாம்பல் கிடையாது. நேப்பிள்ஸ் பகுதியிலிருந்து கப்பலில் வரவழைத்திருக்கிறார்கள் என்பதைச் சாந்தின் வேதியியல் காட்டுகிறது. அத்தனை செலவுக்குப் பிறகும் வெளித்துறைமுகம் நெடுங்காலம் பயன்படவில்லை. மணற்பாங்கான கடல்தரையில் பாளங்கள் அமிழ்ந்து, இன்று அவற்றின் மேல் முக்குளிப்பவர்கள் நீந்துகிறார்கள். கலவை சரியாக இருந்தும் அடித்தளம் கைவிட்டுவிட்டது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கரைந்துபோன மோசமான ரோமானியக் கான்கிரீட்டை நாம் பார்க்கவே முடியாது, நின்றவைதான் நம் கண்ணில் படுகின்றன.

சுண்ணாம்புக் கட்டிகள் விரிசலைத் தானே ஆற்றிக்கொள்கின்றன என்று படித்தேன், அதுதான் இதுவா?

அது உறவுள்ள, ஆனால் வேறான கண்டுபிடிப்பு. 2023இல் எம்ஐடியைச் சேர்ந்த அட்மிர் மாசிக் குழுவினர், இத்தாலியின் பிரிவெர்னம் என்ற பழைய ஊரின் மதில் மாதிரிகளை ஆராய்ந்து, நீற்றாத சுட்ட சுண்ணாம்பையே சூடாகக் கலந்திருக்கிறார்கள் என்றும், விரிசலில் மழைநீர் இறங்கும்போது வெள்ளைக் கட்டியிலுள்ள கால்சியம் கரைந்து, விரிசலில் கால்சைட்டாகப் படிந்து அதை அடைக்கிறது என்றும் காட்டினார்கள். அந்த மதில் நிலத்தில் இருப்பது. துறைமுகப் பாளத்தின் நீடிப்புக்கு முக்கியமாகச் சொல்லப்படுவது, கண்ணாடிக்கும் கடல் நீருக்கும் இடையிலான நெடுங்கால வினை. செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறார்கள்.

கடையில் விற்கும் பிபிசி சிமென்டிலும் சாம்பல்தானே இருக்கிறது, அது ரோமானியக் கான்கிரீட் ஆகுமா?

பெயரில் உறவு நேரடியானது. பிபிசி என்பதன் விரிவான போர்ட்லண்ட் பொசலானா சிமென்டில் வரும் பொசலானா என்ற சொல், பொட்சுவோலி ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான். மூட்டையில் இருப்பது எரிமலைச் சாம்பல் அன்று, அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல். ஐஎஸ் 1489 விதிப்படி 15 முதல் 35 விழுக்காடு வரை சேர்க்கலாம். அதுவும் உலையில் உருகி, புகையோடு பறந்து, சட்டென்று குளிர்ந்த கண்ணாடிக் குண்டுமணிகள் என்பதால், சுண்ணாம்போடு நடக்கும் வினை அதே வகைதான். நம் ஊரில் முன்பு சுண்ணாம்போடு சேர்த்து அரைத்த சுர்க்கி என்னும் செங்கல் தூளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆனால் நோக்கம் நேர்மாறானது. இங்கே சாம்பல் செய்வது, சிமென்ட் இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்பைப் பசையாக்கித் துளைகளைச் சுருக்கி, குளோரைடு கம்பியைச் சேருவதைத் தாமதப்படுத்துவது. கடல் நீரை உள்ளே விட்டுத் தாது வளர்க்கும் வேலை இதில் நடப்பதில்லை. இந்த வினை மெதுவானது. ஈரம் இருந்தால்தான் நடக்கும். அதனால்தான் கலப்புச் சிமென்டுக்குத் தண்ணீர் விட்டு ஆற்றும் காலத்தை 14 நாள் வரை நீட்டச் சொல்லி ஐஎஸ் 456 பரிந்துரைக்கிறது. நான்காம் நாளே சாக்கைக் கழற்றிவிட்டால், மேற்பரப்பிலுள்ள சாம்பலில் பெரும்பகுதி வினைபுரியாமல் வெறும் தூளாகத் தங்கிவிடும். கடலோரத்தில் குளோரைடு முதலில் புகுவதும் அந்த மேற்பரப்பின் வழியாகத்தான்.